எல்லோரும் மேல் வலது மூலையில் நிற்கிறார்களா? ஒன்பது கட்டம் பற்றிய கேள்விகள்

காப்புறுதி நிறுவனம் ஒன்றில் இழப்பீட்டுப் பிரிவைப் பார்க்கிறேன். ஊழியர்களைத் தரம் பிரிக்கும் ஒன்பது கட்டத்தில் 14 பேரைப் போட்டதில் 9 பேர் மேல் வலது மூலைக்குப் போய்விட்டார்கள். மனிதவளப் பிரிவு திருப்பி அனுப்பிவிட்டது. எங்கே பிழை? (வெள்ளவத்தை)

கிடையாகச் செயல்திறன், அதாவது இப்போதைய வேலையை எப்படிச் செய்கிறார் என்பது; நிலைக்குத்தாக வளர்திறன், அதாவது பெரிய பொறுப்புக்கு வளரக்கூடியவரா என்பது; ஒவ்வொன்றிலும் குறைவு, நடுத்தரம், உயர்வு என்று மூன்று படி, இதுதான் கட்டம். நீங்கள் அனுப்பிய தாளில் செயல்திறனில் உயர்வு வாங்கிய எல்லோரும் வளர்திறனிலும் உயர்வு, நடுத்தரமானவர்கள் அங்கேயும் நடுத்தரம். பெயர்கள் இப்படி மூலைவிட்டமாக ஒரே கோட்டில் விழுந்தால், ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். இந்தக் கட்டத்தின் மூலவடிவம் 1970களில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்துக்காக மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனம் அமைத்தது, எந்தத் தொழிலில் பணம் போடலாம் என்று பார்க்க. அதிலும் சந்தை எவ்வளவு கவர்ச்சியானது என்பதும், அதில் நம் தொழில் எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதும் தனித்தனிக் கேள்விகள்.

செயல்திறனுக்குக் கடந்த இரண்டு வருட மதிப்பீடு போதும். வளர்திறனுக்கு நான் மூன்று விஷயம் பார்ப்பேன்: பழக்கமில்லாத வேலையை எவ்வளவு வேகமாகப் பிடிக்கிறார், பிறரைக் கொண்டு வேலையை முடிக்கிறாரா, அந்தப் பொறுப்பை அவரே விரும்புகிறாரா. ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2. கூட்டுத்தொகை 2 வரை குறைவு, 3, 4 நடுத்தரம், 5, 6 உயர்வு. நடந்த சம்பவம் ஒன்றை எழுத முடியாவிட்டால் 0தான். "ஆள் கெட்டிக்காரர்" என்பதைச் சம்பவமாக எடுக்க வேண்டாம்.

அதே வாசகர்: கோவைகளை ஆக வேகமாக முடிப்பவர் 11 வருடம் இருக்கும் ஓர் அண்ணன். இன்னொரு தங்கச்சி வந்து ஒன்றரை வருடம், வேலை நடுத்தரம். அடுத்த உதவி முகாமையாளர் யார்?

உங்கள் குறிப்புகளை வைத்தே புள்ளி போட்டேன். புதிய மென்பொருள் வந்தபோது அண்ணன்தான் கடைசியாக மாறினார், 0. இளையவர்கள் சந்தேகம் கேட்டால் பொறுமையாகக் கேட்கிறார், ஆனால் சொல்லிக்கொடுக்காமல் கோவையை வாங்கித் தானே முடித்துக் கொடுக்கிறார், 1. ஆட்களை மேய்க்க விருப்பமில்லை என்று உங்களிடமே சொல்லியிருக்கிறார், 0. மொத்தம் 1, ஆகவே கீழ் வலது கட்டம். அது தண்டனை இல்லை, தயவுசெய்து அப்படிப் பார்க்காதீர்கள். அவருக்குச் சிக்கலான இழப்பீடுகளைப் பார்க்கும் சிரேஷ்ட தரமும் அதற்குரிய சம்பளமும் வாங்கிக் கொடுங்கள், முகாமையாளர் ஆக்கினால் நல்ல உத்தியோகத்தரையும் இழப்பீர்கள், பிரிவும் தடுமாறும்.

தங்கச்சி மென்பொருளை முதலில் பிடித்து மற்றவர்களுக்கும் காட்டியிருக்கிறார், 2. வெள்ளக் காலத்தில் கிளைகளில் இருந்த நால்வருக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்து முடித்திருக்கிறார், 2. விருப்பம் உண்டு, கொஞ்சம் தயக்கமும் உண்டு, 1. மொத்தம் 5, மேல் வரிசையின் நடுக்கட்டம். இதை வைத்து உடனே பதவி உயர்வு கொடுக்க வேண்டாம். மூன்று பேரையும் ஒரு வகை இழப்பீட்டையும் ஆறு மாதத்துக்கு அவர் பொறுப்பில் விடுங்கள். அவர் தானாக முடித்த கோவைகளை எண்ணாதீர்கள், அந்த மூன்று பேரின் மேசையில் தேங்கியவை குறைகின்றனவா என்று பாருங்கள். அவரே ராத்திரி வரைக்கும் இருந்து எல்லாவற்றையும் முடிக்கிறார் என்றால் அவர் இன்னும் தயாராகவில்லை.

எனக்குச் செயல்திறனில் உயர்வு, வளர்திறனில் குறைவு. காரணம் கேட்டால் "பிள்ளைகள் சின்னது, பிந்தி நிற்க ஏலாது" என்கிறார்கள். (தெஹிவளை)

இதைப் படித்தபோது கோபம்தான் வந்தது. அலன் பென்சன், டேனியெல் லீ, கெலி ஷூ மூவரும் வட அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனமொன்றின் ஒன்பது கட்டப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். பெண்களுக்குச் செயல்திறனில் ஆண்களைவிடக் கூடிய புள்ளியும் வளர்திறனில் குறைந்த புள்ளியும் கிடைத்திருந்தன. அதே வளர்திறன் புள்ளி வாங்கிய ஆண்களைவிட அந்தப் பெண்கள் பிறகு நன்றாகவே செய்தார்கள். உங்கள் விருப்பத்தை யாரோ ஊகித்து எழுதியிருக்கிறார்கள். பொறுப்பு வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள், எந்தச் சம்பவத்தை வைத்துக் குறைத்தார்கள் என்றும் கேளுங்கள். கொழும்பில் இன்னொன்றையும் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்: கூட்டத்தில் சரளமாக ஆங்கிலம் பேசுபவர் மேல் வரிசைக்குப் போகிறார், மூன்று மொழியிலும் வாடிக்கையாளரைச் சமாளிப்பவர் நடுவில் நிற்கிறார். மதிப்பீட்டுக் கூட்டத்தில் முகாமையாளர்கள் ஒருவர் போட்ட புள்ளியை மற்றவர் கேள்வி கேட்பது இதற்காகத்தான்.

எங்கள் பிரிவில் ஆறே பேர். கட்டம் தேவையா? (கொட்டாஞ்சேனை)

தேவையில்லை. அந்த மூன்று கேள்விகளையும் ஒவ்வொருவரோடும் அரை மணித்தியாலம் இருந்து பேசுங்கள். கட்டம் போட்டால் யார் எங்கே என்று அன்று பின்னேரமே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.