ஒரு வார ரயில் யாத்திரை: முழுச் செலவைக் கணிப்பது எப்படி?

"குடும்பத்தோடு ரயிலில் ஒரு வாரம் யாத்திரை போகிறோம். தங்க, சாப்பிட, உள்ளூரில் சுற்ற எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும் என்று எப்படிக் கணிப்பது?"

முழுச் செலவு என்பது வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து மறுபடி திறக்கும்வரை கையைவிட்டுப் போகும் பணம். ஒவ்வொன்றுக்கும் அளவு வேறு என்பதால்தான் கணக்கு தவறுகிறது. வீட்டில் வாடகை மாதத்துக்கு, சாப்பாடு ஆளுக்கு என்று பிரிப்போமே, அதே மாதிரிதான். ரயில் சீட்டு ஆளுக்கு, அறை இரவுக்கு, வண்டி நடைக்கு.

ஐந்து பேர், ஏழு நாள் என்று வைப்போம். ஆறு இரவில் இரண்டு ரயிலிலேயே கழியும். மீதி நான்கு இரவுக்கு இரண்டு அறை என்றால் எட்டு அறை வாடகை. சாப்பாடு, ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று வீதம் 105 வேளை. ஓர் வண்டியில் நான்கு பேர்தான் ஏறலாம் என்றால் ஒவ்வொரு நடைக்கும் இரண்டு வண்டி. பலர் கோட்டை விடுவது இங்கேதான். அப்புறம், விடிகாலை நான்கு மணிக்கு ரயில் இறக்கிவிட்டு, அறை மதியம்தான் கிடைக்கும் என்றால் என்ன செய்வது? குழந்தைகளும் பெரியவர்களும் குளிக்க, படுக்க முந்தைய இரவுக்கும் வாடகை கட்டவேண்டி வரலாம். முன்பே கேட்டுவிடுங்கள்.

சீட்டுப் பணத்தை இரட்டித்தால் மொத்தச் செலவு வந்துவிடும் என்பார்கள். அது சரியில்லை: சீட்டு தூரத்தோடு ஏறும், அறையும் சாப்பாடும் நாளோடு ஏறும்.