வேகாத பருப்பு

மதிப்பிற்குரிய ஐயா,

மூன்று மாதமாக ஊட்டியில் குடியிருக்கிறோம். எவ்வளவு நேரம் கொதித்தாலும் பருப்பு விறைப்பாகவே இருக்கிறது. குக்கரில் வைத்தாலும் கோவையில் வைத்த விசில் கணக்கு சரிவரவில்லை. கேஸ் அடுப்பின் தீயும் சோர்வாகத் தெரிகிறது. எங்கள் பழைய ஸ்கூட்டர் ஏற்றத்தில் திணறுகிறது. மேலே ஆக்சிஜன் குறைவு, தீக்கு வலு இல்லை, பெரிய பர்னர் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் என் கணவர். வாங்கலாமா? இந்தக் காற்று குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளுமா?
— ஒரு வாசகி, உதகை

அன்புள்ள அம்மா,

குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகாது. ஊட்டியிலேயே பிறந்து, அந்தச் சரிவுகளில் ஓடி விளையாடி வளர்ந்தவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். ஸ்வெட்டர் போட்டு விடுங்கள், போதும்.

உங்கள் கணவரிடம்தான் எனக்குக் கொஞ்சம் சண்டை இருக்கிறது. இதே பேச்சை எங்கள் வீட்டில் நாற்பது வருடத்துக்கு முன்பே கேட்டுவிட்டேன். அப்பா வேதியியல் ஆசிரியர். கரூரிலிருந்து ஊட்டிக்கு மாற்றலாகி வந்த முதல் வாரமே அம்மாவுக்கும் துவரம் பருப்புக்கும் பகை மூண்டது. திரி ஸ்டவ்வில் ஒரு மணி நேரம் தளதளவென்று கொதிக்கும். எடுத்து நசுக்கினால் நடுவில் கல் மாதிரி நிற்கும். பழைய பருப்பைத் தள்ளிவிட்டான் என்று கடைக்காரரைத் திட்டினாள். அடுத்து தண்ணீரைக் குற்றம் சொன்னாள். பிறகு ஸ்டவ்வுக்குப் புதுத் திரி போட்டாள். கடைசியில் பாத்திரத்தையும் மாற்றினாள். அம்மாவுக்குத் துணைக்குப் பெரிய ஆள் இருக்கிறார். 1835-ல் ஆண்டீஸ் மலையைக் கடந்தபோது சார்லஸ் டார்வினின் குழுவினர் உருளைக்கிழங்கை இரவெல்லாம் அடுப்பில் வைத்தார்கள், காலையில் மறுபடி கொதிக்க வைத்தார்கள். அப்படியும் வேகவில்லை. பானை புதுசு, அதனால்தான் என்று உடன் வந்தவர்கள் தீர்ப்புச் சொன்னார்களாம்.

அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட ஆய்வகத்திலிருந்து தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து கொதிக்கிற தண்ணீரில் தொங்கவிட்டார். பாதரசம் 92-ஐத் தாண்டிக் கொஞ்சம் ஏறி நின்றது. அம்மா திரியை முழுக்க ஏற்றினாள். தண்ணீர் பொங்கிக் குதித்தது, ஆவி சுவரெல்லாம் படிந்தது. பாதரசம் ஒரு மயிரிழைகூட நகரவில்லை. உங்கள் கணவர் பார்க்கவேண்டிய காட்சி அது.

தண்ணீர் கொதிப்பது என்றால் அதற்குள் ஆவிக்குமிழி உண்டாகி, மேலே அழுத்திக்கொண்டிருக்கும் காற்றைத் தள்ளி இடம் பிடிப்பது. கடற்கரையில் அந்தக் காற்றின் அழுத்தத்தை வெல்லத் தண்ணீர் 100 டிகிரி வரை சூடாக வேண்டும். ஊட்டி ஏறக்குறைய 2240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கீழே இருப்பதில் முக்கால் பங்குதான். அதனால் 92, 93 டிகிரியிலேயே குமிழி ஜெயித்துவிடுகிறது. அதற்கப்புறம் நீங்கள் கொடுக்கிற சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்கத்தான் போகும், சூடேற்ற அல்ல. தீயைக் கூட்டினால் தண்ணீர் சீக்கிரம் வற்றும், சிலிண்டர் சீக்கிரம் தீரும். பருப்புக்கு எதுவும் தெரியாது. அது 93 டிகிரித் தண்ணீரில்தான் கிடக்கிறது.

ஏழு டிகிரி என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பீர்கள். பத்து டிகிரி குறைந்தால் வேகும் நேரம் சுமார் இரட்டிப்பாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமையலறைக்கு அந்தத் தோராயம் போதும். அந்தக் கணக்கில் கோவையில் திறந்த பாத்திரத்தில் முக்கால் மணி நேரத்தில் குழைகிற பருப்பு ஊட்டியில் ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும். அரிசி இவ்வளவு படுத்தாது, அதன் மாவுச்சத்து இதைவிடக் குறைந்த சூட்டிலேயே இளகிவிடும். தோசைக்கு இந்தச் சிக்கலே இல்லை. கல்லின் சூட்டுக்குத் தண்ணீர் எல்லை போடுவதில்லை.

ஆக்சிஜன் குறைவு என்று மொட்டையாகச் சொல்வதும் எனக்குப் பிடிக்காது. காற்றில் ஆக்சிஜனின் பங்கு கோவையிலும் 21 சதவீதம்தான், ஊட்டியிலும் 21 சதவீதம்தான். ஒரு லிட்டரில் அடங்கும் காற்றுதான் கால் பங்கு குறைவு. தீ சற்று மெலிவது உண்மை. ரெகுலேட்டர் வழியாக வரும் கேஸும் அங்கே அடர்த்தி குறைந்து விரிந்து வருவதால், அதே பர்னர் எட்டில் ஒரு பங்கு போல் சூடு குறைவாகத் தரும். ஆகவே தண்ணீர் கொதி வரக் கொஞ்சம் தாமதமாகலாம், அவ்வளவே. பனிக்காலக் காலையில் தீ இன்னும் சோர்ந்தால் அது குளிரில் சிலிண்டர் மந்தமாவதால், உயரத்தால் அல்ல. 1859-ல் ஃபிராங்க்லேண்ட், டிண்டல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரே மாதிரி மெழுகுவத்திகளை ஆல்ப்ஸ் மலையடிவாரத்திலும் அதன் மோன் பிளாங்க் சிகரத்திலும் எரித்துப் பார்த்தார்கள். சிகரத்தில் வெளிச்சம் வெகுவாக மங்கியது. கரைந்த மெழுகோ கிட்டத்தட்ட அதே அளவு. தீ சோர்ந்து தெரிவதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

குக்கருக்கு வருவோம். உள்ளே இருக்கும் அழுத்தம் வெளியே இருப்பதைவிட இவ்வளவு கூடினால் எழும்பு என்பதுதான் வெயிட்டுக்கு இடப்பட்ட கட்டளை. வெளியழுத்தமே குறைந்தால் உள்ளே நிற்பதும் அந்த அளவு குறையும். கீழே 120 டிகிரியைத் தொடும் குக்கர் ஊட்டியில் 116 பக்கம் நிற்கும். கோவையில் பத்து நிமிடம் என்றால் அங்கே பதின்மூன்று. விசிலை எண்ணாதீர்கள், அது தீயின் வேகத்தைச் சொல்லுமே தவிர நேரத்தைச் சொல்லாது. முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்து கடிகாரத்தைப் பாருங்கள். பருப்பை முன்னமே ஊறவையுங்கள். புளியை வெந்தபிறகு ஊற்றுங்கள்.

ஸ்கூட்டர் விஷயம் வேறு. அங்கே உங்கள் கணவர் சொல்வது முக்கால்வாசி சரி. என்ஜின் ஒவ்வொரு தடவையும் இழுப்பது அதே கொள்ளளவு காற்று, ஆனால் சரக்கு குறைவு. சக்தியில் கால் பங்கு போய்விடும். பழைய கார்புரேட்டர் பெட்ரோலை அந்த அளவுக்குக் குறைக்காது. கலவை கெட்டியாகி, பிளக்கில் கரி படிந்து, புகை கறுக்கும். அப்பாவின் ஸ்கூட்டர் ஏற்றத்தில் எங்கள் இருவரையும் இழுக்காது. அம்மா இறங்கி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் நடந்து வருவாள், நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன், வெட்கமில்லாமல். ஊட்டி மெக்கானிக் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையான மெயின் ஜெட்டைச் சின்னதாக மாற்றிக் கொடுத்தார். வண்டி தெளிந்தது, ஆனால் போன சக்தி முழுசாகத் திரும்பவில்லை. அந்த ஜெட்டோடு கீழே இறங்காதே என்று எச்சரித்திருந்தார். அப்பா மறந்தார். மேட்டுப்பாளையம் தாண்டிச் சமவெளியில், அடர்ந்த காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் சூடேறி, பிஸ்டன் பிடித்துக்கொண்டது. வேதியியல் ஆசிரியர் வெயிலில் வண்டியைத் தள்ளினார்.

அது மாற்றலாகிக் கரூர் திரும்பிய நாள். மறுநாள் அம்மா பழக்கதோஷத்தில் பருப்பை ஊட்டிக் கணக்கில் ஒன்றேகால் மணி நேரம் விட்டுவிட்டாள். திறந்தபோது பருப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை, மஞ்சள் கூழ். "மத்தை எடுக்கவே வேணாம்டா" என்று அப்படியே ரசத்துக்கு ஊற்றினாள்.

பர்னர் வாங்க வேண்டாம்.