நோன்பு மாசத்துல சுகர் மாத்திரை எப்போ போடுறது: கேள்வி பதில்

பதில் சொல்றவர் சுகர் கிளினிக்ல கவுன்சிலிங் பாக்குற சிஸ்டர்.

கேள்வி: அத்தாவுக்கு கிளிமிப்ரைடு 2, மெட்ஃபார்மின் 500 சேர்ந்த மாத்திரை, காலைல ஒண்ணு நைட்டு ஒண்ணு. காலை மாத்திரைய சஹருக்கும் நைட்டு மாத்திரைய நோன்பு திறந்ததும்னு மாத்திட்டா போதும்ல?

பதில்: பாதி சரிம்மா. வேளை ரெண்டுதான், ஆனா அளவ அப்படியே வச்சா ஆபத்து. கிளிமிப்ரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடலன்னாலும் இன்சுலின சுரக்க வைக்கும், சஹர்ல முழுசா போட்டுட்டு 13 மணி நேரம் பட்டினி இருந்தா அஸர் நேரத்துல சுகர் இறங்கிடும். அதனால முழு அளவு இஃப்தாருக்கு, சுகர் கன்ட்ரோல்ல இருக்கிறவங்களுக்கு சஹர்ல பொதுவா பாதி, அதாவது கிளிமிப்ரைடு சாயங்காலம் 2, சஹர்ல 1. மெட்ஃபார்மின் ரெண்டு வேளையும் அதே 500. ஆனா அந்த கூட்டு மாத்திரைய நீங்களா உடைச்சு பாதியாக்காதீங்க, நிறைய பிராண்டுல மெட்ஃபார்மின் மெதுவா கரையுற மாதிரி செஞ்சிருப்பாங்க, உடைச்சா அது கெட்டுடும். தனித்தனியா எழுதித் தரச் சொல்லி டாக்டர்கிட்ட கேளுங்க, நோன்புக்கு 6 வாரம் முன்னாடியே போனா நல்லது.

கேள்வி: நான் டாபாக்ளிஃப்ளோசின இஃப்தாருக்கு மாத்திட்டேன், சிட்டாக்ளிப்டின் அளவ தொடல. சரியா சிஸ்டர்?

பதில்: ரொம்ப சரி பாய். டாபா யூரின நிறைய போக வைக்கும், அதனால தராவீஹ் முடிஞ்சு சஹர் வரைக்கும் தண்ணி கொஞ்சம் கொஞ்சமா குடிச்சுட்டே இருங்க.

கேள்வி: எனக்கு சுகர் இல்ல, தைராய்டு மாத்திரை வெறும் வயித்துலனு சொன்னாங்க, அதுக்கு என்ன பண்றது?

பதில்: இது சுகருக்கான பகுதிமா, இருந்தாலும் சொல்றேன், சஹருக்கு அரை மணி நேரம் முன்னாடி எந்திரிச்சு போடுங்க. முடியலன்னா நைட்டு சாப்பிட்டு 3 மணி நேரம் கழிச்சு.

கேள்வி: 30/70 ஊசி, காலைல 20 நைட்டு 12 யூனிட். விரல்ல குத்திப் பாத்தா நோன்பு முறியும்ங்கறாங்களே?

பதில்: முறியாதுனுதான் பெரும்பாலான ஆலிம்கள் சொல்றாங்க, அதனால தைரியமா குத்திப் பாருங்க, முக்கியமா மதியத்துக்கு மேல. ஊசிய பொதுவா தலைகீழா மாத்துவாங்க, காலை 20 இஃப்தாருக்கு வரும், நைட்டு 12 பாதியாகி 6 சஹருக்கு, ஆனா உங்க ரீடிங்க பாத்து டாக்டர் முடிவு பண்ணணும். 70க்கு கீழ போனாலோ 300 தாண்டினாலோ இஃப்தாருக்கு பத்து நிமிஷம்தான் இருந்தாலும் நோன்ப விட்டுடுங்க. வேர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தாலும் அப்படித்தான்.

கேள்வி: உம்மாவுக்கு போன மாசம் சுகர் 48க்கு இறங்கி மயங்கிட்டாங்க, கிட்னியும் வீக். எந்த நேரத்துக்கு மாத்திரை குடுத்தா நோன்பு பிடிக்கலாம்?

பதில்: நேரத்த மாத்தி இத சரி பண்ண முடியாதும்மா. 3 மாசத்துக்குள்ள அப்படி மயங்கினவங்க நோன்பு பிடிக்கவே வேணாம்னுதான் சொல்லுவோம், கிட்னி வேற சரியில்லன்னா மாத்திரை உடம்புல தங்கி சுகர் திரும்பத் திரும்ப இறங்கும். ஃபித்யா பத்தி இமாம்கிட்ட அவங்களையே பேச வைங்க, நாங்க சொன்னா கேக்காதவங்க கூட அவர் சொன்னா சில பேர் கேக்குறாங்க. அப்பவும் பிடிப்பேன்னு நின்னா மாத்திரை சீட்டோட அவங்களயும் கூட்டிட்டு வாங்க, டாக்டர் பாக்காம இங்க நான் அளவு சொல்ல மாட்டேன்.