ஹுவே வழக்கு நேர்காணலை எழுத்தாக்குவது

“ஹுவே பாட்டி ஒருவரின் வியட்நாமிய நேர்காணலை எழுத்தாக்குகிறேன். எனக்கு ஹனோய் பேச்சுதான் பழக்கம். வட்டாரச் சொற்களைத் திருத்தலாமா? இழுவைகளையும் புரியாத இடங்களையும் என்ன செய்வது?”

சொல்லைத் திருத்தாதீர்கள், உச்சரிப்பை மட்டும் வழக்கமான எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். பாட்டி “đi mô rứa” என்றால் அப்படியே இருக்கட்டும். அதை “đi đâu thế” ஆக்கினால் பேசுவது பாட்டியல்ல, நீங்கள். வேண்டுமானால் முதல் முறை வரும்போது ஓரத்தில் பொருள் குறியுங்கள். răng என்பதில் கவனம்: ஹனோயில் அது பல், ஹுவேயில் பெரும்பாலும் ‘ஏன்’, ‘எப்படி’.

உச்சரிப்பு வேறு விஷயம். ஹுவேயில் hỏi, ngã இரண்டு தொனிகளும் ஒன்றாகவே ஒலிக்கும். அதனால் sửa (பழுது பார்), sữa (பால்) இரண்டும் காதுக்கு ஒன்றுதான். முன்பின் வாக்கியத்தைப் பார்த்துச் சரியான குறியைப் போடுங்கள். “sữa xe” என்று எழுதிவிட்டால் வண்டிக்குப் பால் ஊற்றிய கதையாகிவிடும்!

இழுவைகளில் ờ, à போன்றவற்றை நீக்கலாம், பேச்சாய்வுக்கான எழுத்தாக்கமாக இல்லாவிட்டால். ஆனால் dạ, ạ, hỉ இவற்றில் கை வைக்காதீர்கள். முதல் இரண்டும் மரியாதை, hỉ எதிராளியின் ஒப்புதலைக் கேட்பது. அப்புறம், dạ என்றாலே ‘ஆம்’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பல இடங்களில் ‘கேட்கிறேன், சொல்லுங்கள்’ என்பதுதான்.

புரியாத இடத்தை 0.75 வேகத்தில் கேளுங்கள். ஓரளவு ஊகம் இருந்தால் கேள்விக்குறியோடும், இல்லையென்றால் நேரத்தோடும் குறியுங்கள்:

```
[sửa?]
[không rõ 12:41]
```

ஊர்ப்பெயர், ஆள்பெயர் என்றால் ஊகிக்கவே வேண்டாம், நேர்காணல் எடுத்தவரிடம் கேட்டுவிடுங்கள்.