80 சதவீதம் என்றார்கள். எதில் 80 சதவீதம்?

*“2021-இல் மதுரையில் ஒரு பெரிய நகைக்கடையில் 1,83,340 ரூபாய்க்கு வைர நெக்லஸ் வாங்கினோம். எப்போது கொண்டுவந்தாலும் 80 சதவீதம் பணமாகத் தருவோம், மாற்றிக்கொண்டால் 100 சதவீதம் என்றார்கள். 2025 ஏப்ரலில் மகன் படிப்புக்காக விற்கப் போனோம். தங்கம் இரண்டு மடங்காகியும் 1,87,928 ரூபாய்தான் வரும் என்கிறார்கள். ஊரில் ஒருவர் இதைவிட 20,000 கூடுதலாக வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? ரசீதின் நகலை அனுப்பியிருக்கிறேன்.”*
*— வாசகி, கீழக்கரை*

கொடுக்காதீர்கள், சகோதரி. ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் ரசீதைப் பார்ப்போம்.

உங்கள் கழுத்தில் அது ஒரு நகை. கடைக்கு அது மூன்று சரக்கு. 18 காரட் தங்கம் 14 கிராம், அன்று கிராம் 3,700 வீதம் 51,800 ரூபாய். வைரம் ஒன்றரை காரட், காரட் 80,000 வீதம் 1,20,000. செய்கூலி 18,200. வைரத்தில் 10 சதவீதத் தள்ளுபடி என்று 12,000 கழித்து, மீதிக்கு 3 சதவீத ஜிஎஸ்டியாக 5,340 சேர்த்திருக்கிறார்கள். நீங்கள் கொடுத்த நூறு ரூபாயில் தங்கத்துக்குப் போனது 28 ரூபாய்தான். தங்கம் இரண்டு மடங்கானபோது ஏறியது அந்த 28 ரூபாய் மட்டுமே.

இனி அந்த 80 சதவீதம். அது நீங்கள் கட்டிய தொகையில் அல்ல, ரசீதில் வைரம் என்று போட்ட தொகையில். அதிலும் தள்ளுபடியைக் கழித்த பிறகு. 1,20,000 அல்ல, 1,08,000. அதில் 80 சதவீதம் 86,400. அன்று சிரித்துக்கொண்டே கொடுத்த தள்ளுபடி, திரும்ப வரும்போது கணக்கில் முதல் ஆளாக வந்து நிற்கிறது. தங்கத்துக்கு நீங்கள் விற்கப் போன நாளின் விலை கிராம் 7,400 வீதம் 1,03,600 போட்டு, 2 சதவீதம் உருக்குச் சேதம் என்று 2,072 கழித்திருக்கிறார்கள். செய்கூலிக்கும் ஜிஎஸ்டிக்கும் ஒரு காசு கிடையாது. கூட்டினால் 1,87,928 சரியாக வருகிறது. கடை கணக்கில் தப்புச் செய்யவில்லை. விற்கும்போது வாய் நிறையச் சொன்னதையும் ரசீதின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் அச்சடித்ததையும் வேறு வேறாக வைத்ததுதான் அவர்கள் செய்த காரியம்.

வைரத்துக்கு ஏன் இந்தக் கதி? உங்கள் நெக்லஸில் இருப்பவை ஒன்று, இரண்டு சென்ட் கற்கள். நூறு சென்ட் சேர்ந்தால் ஒரு காரட். இந்தப் பொடிக் கற்களைச் சல்லடையில் சலித்து, அளவு வாரியாகப் பொட்டலம் கட்டித்தான் மொத்த வியாபாரத்தில் விற்கிறார்கள். நம் கடலில் முத்துக் குளித்த காலத்தில் பித்தளைச் சல்லடையில் முத்தைச் சலித்துத் தரம் பிரித்தார்களே, ஏறக்குறைய அதே வேலை. 80,000 என்பது கடையின் லாபமும் சேர்ந்த சில்லறை விலை. பழைய நகையிலிருந்து கல்லைப் பெயர்த்து, கழுவி, உடைந்ததைத் தள்ளி, மறுபடி தரம் பிரிப்பதைவிட, கடைக்காரர் சூரத்திலிருந்து புதுப் பொட்டலம் வாங்குவது எளிது. அதனால்தான் வேறு கடைக்குப் போனால் 80 சதவீதம் என்ற பேச்சே இருக்காது; பொடிக் கல்லைச் சேர்த்துக்கொள்ளாமல் தங்கத்துக்கு மட்டும் விலை சொல்பவர்களே அதிகம். அடகு வைத்தாலும் கல்லின் எடையைக் கழித்துவிட்டுத்தான் கடன்.

தங்கம் என்றால் காலையில் பத்திரிகையைப் பிரித்தவுடன் விலை தெரிகிறது. வைரத்துக்கு அப்படிப் பொதுவில் அறிவிக்கும் தினசரி விலை கிடையாது. ஹால்மார்க் முத்திரையும் ஆறு இலக்க அடையாள எண்ணும் தங்கத்தின் தரத்துக்கு மட்டுமே. கல்லைப் பற்றி அவை வாய் திறப்பதில்லை. நகையின் விலையில் பாதிக்கு மேல் கல்லாக இருக்க, சட்டம் மீதிக்கு மட்டும் காவல் நிற்கிறது. இதை எத்தனை வருடமாகத்தான் சொல்வது!

இப்போது அந்தக் கூடுதல் 20,000. உங்களிடம் வாங்கும் கடையே தராத பணத்தை ஒருவர் வாங்கித் தருவார் என்றால், அது எங்கிருந்து வரும்? முதல் வழி எடை. ஒரு காரட் 0.2 கிராம். உங்கள் ஒன்றரை காரட் வெறும் 0.3 கிராம்தான், ரசீதில் மொத்த எடை 14.300, நிகர எடை 14.000 என்று இருப்பது அதனால்தான். தரகர் “கல்லு ஒன்றரை” என்று சொல்லி ஒன்றரை கிராமைக் கழிப்பார். 1.2 கிராம் தங்கம், 8,880 ரூபாய், உங்கள் கண்ணெதிரே காணாமல் போகும். இரண்டாவது வழி கல்லையே மாற்றுவது. தொண்டியிலிருந்து ஒரு பெண்மணி என் மேசைக்கு ஒரு பதக்கம் கொண்டுவந்தார். “ஒரு சாயங்காலம்தான் தரகரிடம் இருந்தது” என்றார். லூப் என்ற உருப்பெருக்கியில் பார்த்தால், ஐந்து கல்லைச் சுற்றி மட்டும் தங்கப் பற்கள் புதிதாக மடங்கியிருந்தன, ஓரத்தில் இடுக்கி கீறிய கோடு. ஐந்தும் மொய்சனைட், வைரம் போலவே மின்னும் செயற்கைக் கல். பலர் கையில் வைத்திருக்கும் பேனா போன்ற கருவி அதற்கும் வைரம் என்றுதான் ஒலிக்கும். கை வைத்த நகை என்று தெரிந்ததும் வாங்கிய கடை திருப்பிவிட்டது. கையில் வெறும் தங்கத்தின் விலைதான் மிஞ்சியது. முழுப்பணமும் ரொக்கமாகத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னாலே எழுந்து வந்துவிடுங்கள். கணக்கு வைத்து நடத்தும் கடை, பத்தாயிரத்துக்கு மேல் வங்கி வழியாகத்தான் தரும்.

உங்களுக்குப் பொருந்தாது என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. தனித்த ஒற்றைக் கல், அரை காரட்டோ அதற்கு மேலோ இருந்து, ஜிஐஏ போன்ற ஆய்வகத்தின் சான்று அந்தக் கல்லுக்கென்றே இருந்தால், கணக்கு வேறு. பல கற்களின் இடுப்போரத்தில் சான்றின் எண்ணை லேசரால் பொறித்திருப்பார்கள், லூப்பில் படிக்கலாம். அப்படிப்பட்ட கல்லை வேறு வியாபாரியும் சான்றைப் பார்த்து விலை சொல்ல முடியும். ஆனால் மொத்த நகைக்கும் சேர்த்து ஒரே அட்டை கொடுத்திருந்தால் அது இந்தக் கணக்கில் சேராது. ஒற்றைக் கல்லுக்கும் 2022-க்குப் பிறகு விலை இறங்கியிருக்கிறது. ஆய்வகத்தில் வளர்க்கும் வைரம் மலிந்தது அதற்கு ஒரு காரணம்.

100 சதவீத மாற்று என்பதற்கு ஆசைப்பட வேண்டாம். வைரத்தில் 21,600 ரூபாய் கூடுதலாக வரவு வைப்பார்கள். எடுக்கும் புது நகைக்குச் செய்கூலியும், அதன் முழு விலைக்கும் 3 சதவீத ஜிஎஸ்டியும் போட்டால் அந்த வரவு அங்கேயே கரைந்துவிடும். அதோடு உங்களுக்கு வேண்டியது கல்லூரிக் கட்டணம், இன்னொரு நெக்லஸ் அல்ல.

ஆகவே வாங்கிய கடைக்கே போங்கள். ரசீதின் அசல், வைரச் சான்று, அடையாள அட்டை, வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றோடு போங்கள். தராசில் 14.300 வருகிறதா என்று நீங்களே பாருங்கள். குறைந்தால் ஒரு கல் எங்கோ விழுந்திருக்கலாம். வீட்டிலேயே வெளிச்சத்தில் வைத்து வெற்றுக் குழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவது நல்லது.

பிறகு அந்த 2,072 ரூபாய். நீங்கள் அனுப்பிய நகலின் இரண்டு பக்கத்திலும் உருக்குச் சேதம் என்ற வார்த்தையே இல்லை. அது எங்கே எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். காட்ட முடியாவிட்டால் கழிக்கக் கூடாது. மழுப்பினால் நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால், கடை மதுரையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம்.