மகளுக்குக் கிடைத்த மொழிபெயர்ப்பு வேலை: ஒட்டுசுட்டான் தாய் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

ஏஎல் கலைப்பிரிவு முடித்துப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் மகளை ஓர் ஆய்வுக் குழு வேலைக்குக் கேட்டிருக்கிறது, சனம் தமிழில் சொன்ன பதில்களைச் சுருக்கி ஆங்கிலத்தில் எழுதுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டிருந்தீர்கள். வேலைதான். ஆனால் ஆய்வு முடிந்தால் வேலையும் முடிந்துவிடும், அதனால் இதற்காகப் படிப்பை விடவேண்டாம். இடைப்பட்ட காலத்தில் தாராளமாகச் செய்யட்டும்.

ஆம், இல்லை என்று குறி போடும் கேள்விகளைக் கொம்பியூட்டர் எண்ணிவிடும். சொந்த வாயால் சொன்ன பதில்களை ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாக வாசித்து, கடன், தண்ணீர், காணி என்று கருப்பொருள் குறியிடுவார்கள். தமிழ் தெரியாத ஆய்வாளருக்கு உங்கள் மகள் எழுதும் ஆங்கிலம்தான் அந்த மனிதரின் பதில். அதில் ஒன்று விடுபட்டால் விடுபட்டது என்றே அவருக்குத் தெரியாது.

நான் மாதிரிக்கு எழுதிய ஒரு பதிலை மகளுக்குக் காட்டுங்கள். கேள்வி, போன போகத்தில் வருமானத்துக்கு என்ன தடை என்பது. பதில்: “காலபோகம் ரெண்டு ஏக்கர் விதைச்சனாங்கள். வெட்டுக்கு முதல் யானை வந்திட்டுது. லீசிங் கட்டேலாமல் போச்சுது. சொல்லியும் ஒருத்தரும் வரேல்லை.”

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இதைச் சுருக்கி, “பணக் கஷ்டம், அதிகாரிகளின் அலட்சியம்” என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதிவிடுவார்கள். யானை போய்விட்டது. அதிகாரிகள் புதிதாக வந்துவிட்டார்கள். அந்த மனிதர் யாரிடம் சொன்னார்? கிராம சேவகரிடமா, வனஜீவராசிகள் திணைக்களத்திடமா, பக்கத்து வயல்காரரிடமா? பதிலில் இல்லை. தமிழில் ஆளைச் சொல்லாமலே வசனம் முடிந்துவிடும், ஆங்கிலம் ஆளைக் கேட்கும். அந்த இடத்தில் மகள் ஊகித்து நிரப்பக்கூடாது. சொன்னோம், ஒருவரும் வரவில்லை என்ற அளவில் நிறுத்திவிட்டு, யாரிடம் என்று சொல்லவில்லை எனக் குறிப்பு எழுதவேண்டும்.

லீசிங் இன்னும் சிக்கலானது. நமக்கு அது டிராக்டருக்கோ மோட்டார் சைக்கிளுக்கோ எடுத்த தவணைக் கடன். வெளிநாட்டு ஆய்வாளர் அதே சொல்லை ஆங்கிலத்தில் பார்த்தால், வயலைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார் என்று நினைத்துக் காணிப் பிரச்சினையில் சேர்த்துவிடலாம். பெரும்பாலும் வாகனத் தவணைக் கடன், எந்த வாகனம் என்று சொல்லவில்லை என்று குறிப்பில் எழுதினால் போதும். இப்படித் திரும்பத் திரும்ப வரும் சொற்களுக்கு முதல் நாளே ஒரு பட்டியல் வைத்து, எழுதும் எல்லோரும் ஒரே ஆங்கிலச் சொல்லைப் பாவிக்கவேண்டும். ஏக்கரை ஹெக்டேயராக மாற்றவேண்டாம், சொன்ன அளவே இருக்கட்டும்.

எக்செல் தாளில் response_id, tamil_original, english_full, english_summary, note என்று ஐந்து நிரல்கள் இருந்தால் நல்லது. முதலில் முழு மொழிபெயர்ப்பு, அதிலிருந்துதான் சுருக்கம். தமிழ் மூலத்தை ஒருபோதும் அழிக்கக்கூடாது, சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்க்க அது ஒன்றுதான் இருக்கிறது. ஒரு பதிலில் மூன்று விடயம் இருந்தால் சுருக்கத்திலும் மூன்றும் இருக்கவேண்டும். மூன்றையும் ஒன்றாக்குவது குறியிடுபவரின் வேலை, அதை மகள் முந்திச் செய்துவிட்டால் அவருக்குப் பிரித்துப் பார்க்க வழியே இல்லை.

இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. english_summary நிரலின்படி முழுத் தாளையும் அகரவரிசைப்படுத்திப் பார்க்கச் சொல்லுங்கள், அந்த நிரலை மட்டும் அடுக்கினால் சுருக்கங்கள் வேறு பதில்களோடு மாறிவிடும். ஒரே சொற்றொடர் அப்படியே பல வரிசைகளில் வந்தால் அந்த இடங்களில் மகள் களைத்துப்போய், சொன்னதை எழுதாமல் வகைப்படுத்தத் தொடங்கியிருக்கலாம். அந்த வரிசைகளைத் தமிழோடு வைத்து மறுபடி வாசிக்கவேண்டும்.

அப்புறம், பதில்களில் பெயர்கள் வரும். காணாமல் போன பிள்ளையின் பெயர், கடன் கொடுத்தவரின் பெயர். அவற்றுக்குப் பதிலாகப் “பெயர்” என்று மட்டும் எழுதி, ஆய்வுக் குழு சொல்லும் முறைப்படி மறைக்கவேண்டும். வன்னியில் ஊரும் தொழிலும் தெரிந்தாலே ஆள் யாரென்று பிடித்துவிடுவார்கள். வாசித்ததை வீட்டிலும் கதைக்கக்கூடாது, நீங்களும் கேட்காதீர்கள்.

சம்பளத்தைப் பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள். பதில் ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசினால், நீண்ட பதில் வரும்போதெல்லாம் மகளுக்கு நட்டம், சுருக்கி முடிக்கத்தான் கை போகும். சொல் கணக்கில் கேட்பது நல்லது. தமிழில் ஒரு சொல்லாக இருப்பது ஆங்கிலத்தில் இரண்டு மூன்றாகும், ஆகவே எண்ணுவது தமிழ்ச் சொல்லையா ஆங்கிலச் சொல்லையா என்று முதலே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குறிப்பு எழுதும் நேரத்துக்கும் சரிபார்க்கும் நேரத்துக்கும் காசு உண்டா என்றும் மகள் கேட்கட்டும்.