வயதானால் செருப்பு அளவு மாறுமா?

"அப்பாவுக்கு எப்பவும் 7ஆம் நம்பர்தான். இப்போ கடிக்குதாம். இந்த வயசில் கால் வளருமா?"

எலும்பு வளராது, பாதத்தின் உள்வளைவுதான் தாழ்கிறது. அதைத் தாங்கும் தசைநார்கள் வயதாக ஆகத் தளரும். பந்தலுக்கு வளைத்துக் கட்டிய மூங்கிலில் கயிறு தளர்ந்தால் முனைகள் விலகுமே, அப்படிப் பாதமும் நீண்டு அகலும்.

நெடுநாள் படுத்திருந்தவருக்குத் தசை வற்றிக் கால் மெலியலாம், நீர் கோத்து வீங்கவும் செய்யலாம். நடமாடத் தொடங்கி, வீக்கம் வடிந்து சில வாரம் கழித்து அளந்தால் போதும்.

கிருஷ்ணகிரியில் மாந்தோப்பு வைத்திருக்கும் என் மாமாவைச் சாயங்காலம் காகிதத்தின் மேல் நிற்கவைத்து, பென்சிலை நேராகப் பிடித்துக் கோடு போட்டேன். வலது 26 செ.மீ., இடது 26.8. ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் வித்தியாசமே சுமார் 8 மி.மீ.தான்! இடதுக்குப் பொருந்துவதையே வாங்கினோம்.

போடப் போடச் சரியாகிவிடும் என்பார்கள்; தோல் அகலத்தில் கொஞ்சம் விடும், நீளத்தில் விடாது.